மொட்டையாக நின்ற கோபுரம்: பாட்டிக்கு எழுதிய ஒரு கடிதம்

இந்த எபிசோட்ல ஒரு கடிதம் வாசிக்கப் போறேன். ஐந்தோவன்ல இருந்து கோயம்புத்தூர்ல இருக்கிற என் பாட்டிக்கு நான் எழுதினது. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். பழைய கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு, அது எந்த ஊர்ல எடுத்தது?

போன் பண்ணிக் கேட்டா ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு தோணும். பாட்டிக்கு 81 வயசு, காது சரியாக் கேட்காது. ஆனா கடிதம் எழுதினதுக்கு முக்கியமான காரணம் அது இல்லை. இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கேட்கிற விதத்துலயே பதிலைக் கெடுத்துடலாம். அதனால முதல்ல போட்டோவைப் பத்திச் சொல்றேன், அப்புறம் கடிதம்.

போட்டோவில் என்ன இருக்கு

கறுப்பு வெள்ளை, தபால் அட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு வீட்டு வாசல், ஓலைப் பந்தல். மூணு வரிசையில ஒரு பதினஞ்சு பேர். நடுவுல மாப்பிள்ளையும் பொண்ணும். அந்தப் பொண்ணு என் பாட்டியோட அக்கா. கீழ் வரிசை ஓரத்துல பாவாடை சட்டையில ஒரு பத்து வயசுப் பொண்ணு தரையில உட்கார்ந்திருக்கு. அதுதான் பாட்டி. பாட்டி பிறந்தது 1944, அதனால படம் 1954 வாக்கில எடுத்ததா இருக்கணும்.

அந்தப் பெரிய பாட்டி கல்யாணமாகி ரெண்டாவது வருஷமே இறந்துட்டாங்க. அவங்க முகம் தெரியிற படம் இது ஒண்ணுதான் எங்க வீட்ல இருக்கு. இந்தப் படத்துல இருக்கிறவங்கள்ல இன்னைக்கு உயிரோட இருக்கிறது பாட்டி மட்டும். படத்தைப் பத்தி பாட்டி எப்பவோ சொன்னது ஒரே வரி: "எங்காத்து வாசல்ல எடுத்தது." கல்யாணம் பொண்ணு வீட்ல நடக்கிற வழக்கம், அதனால அது சரிதான். ஆனா எந்த வீடு? கொள்ளுத்தாத்தாவுக்கு ரயில்வேல வேலை. அப்போ தென்னிந்திய ரயில்வேயோட தலைமையிடம் திருச்சி, 1951ல தெற்கு ரயில்வே ஆனப்பதான் அது மெட்ராஸுக்குப் போச்சு. குடும்பம் திருச்சி, மதுரை, விழுப்புரம்னு மாறிக்கிட்டே இருந்திருக்கு. எத்தனை வீடு மாறினாங்க, எந்த வருஷம் எங்க இருந்தாங்கன்னு அம்மாவுக்கே தெரியாது.

படத்துல பின்னாடி ஒரு துப்பு இருக்கு. பந்தல் ஓலைக்கும் ஒரு தென்னை மரத்துக்கும் நடுவுல, வீட்டுக் கூரைக்கு மேல, கறுப்பா ஏதோ ஒண்ணு பெருசா நிக்குது. கோயம்புத்தூர் மாமா அதைப் பார்த்ததும் "மலைக்கோட்டைடா இது, திருச்சி டவுன்" அப்படின்னார். என் கசின் அதுக்கு ஒரு படி மேல போய், "ஸ்ரீரங்கமா இருக்க முடியாது, அவ்வளவு பெரிய ராஜகோபுரம் படத்துல எங்கயுமே இல்லையே" அப்படின்னான்.

நம்ம வயசுக்காரங்க எல்லாரும் தடுக்கி விழக்கூடிய இடம் இந்த ரெண்டாவது வாதம்தான்.

1987க்கு முன்னாடி

ஸ்ரீரங்கம்னு சொன்னதும் நமக்குக் கண்ணுல வர்ற அந்தக் கோபுரம், 13 நிலை, 236 அடி, அது முழுசா எழும்பி கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25ல. அகோபில மடத்தோட 44ஆவது அழகிய சிங்கர் எடுத்து நடத்தின திருப்பணி அது. 1979ல ஆரம்பிச்சு எட்டு வருஷம் நடந்தது. அதுக்கு முன்னாடி ஏறக்குறைய நானூறு வருஷம் அந்த இடத்துல இருந்தது கல்லால ஆன அடிப்பகுதி மட்டும்தான். சுமார் 55 அடி உயரம். மேல கோபுரமே கிடையாது. ஊர்க்காரங்க அதை மொட்டை கோபுரம்னும் ராயர் கோபுரம்னும் சொல்லுவாங்க.

அதனால 1954ல எடுத்த படத்துல பெரிய கோபுரத்தைத் தேடறதே வீண். அது இல்லாததை வச்சு ஸ்ரீரங்கம் இல்லைன்னு சொல்ல முடியாது. அங்க தேட வேண்டியது தட்டையான உச்சியோட ஒரு கறுத்த கல் மேடு. சந்தேகம் இருந்தா 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பாருங்க. மெட்ராஸ் ராணுவத்துல கேப்டனா இருந்த லினீயஸ் ட்ரைப் 1858லயே திருச்சி, ஸ்ரீரங்கம் ரெண்டையும் படம் எடுத்து ஆல்பமாப் போட்டிருக்கார். அந்தக் காலத்து ஸ்ரீரங்கம் படம் எதுலயும் தெற்கு வாசல்ல இன்னைக்கு நாம பார்க்கிற கோபுரம் இருக்காது.

இதுல ரெண்டு எச்சரிக்கை. முதலாவது, ஸ்ரீரங்கத்துல முடிக்காம விட்டது தெற்கு வாசல் மட்டும் இல்லை. அந்த ஏழாவது மதிலோட மத்த வாசல்கள்லயும் கோபுரம் முழுசா எழும்பலை. தெற்கு மட்டும்தான் 1987ல முடிஞ்சது. அதனால "மொட்டையா இருக்கு, அப்போ 1987க்கு முந்தின படம்" அப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி அது தெற்கு வாசல்தானான்னு தெரியணும். ரெண்டாவது, மதுரையிலயும் புது மண்டபத்துக்குக் கிழக்கே முடிக்காம நின்னுபோன ராயர் கோபுரம் ஒண்ணு இருக்கு. எங்க குடும்பம் மதுரையிலயும் இருந்திருக்கு.

மதுரையைத் தள்ளி வைக்க உதவினது படத்தோட பின்பக்கம். பாதி அழிஞ்ச ரப்பர் ஸ்டாம்ப்ல ட்ரிச்சினாபொலின்னு பழைய ஸ்பெல்லிங் தெரியுது. ஸ்டூடியோ முத்திரை கல்யாணம் நடந்த இடத்தைச் சொல்லாது, போட்டோகிராபர் கடை இருந்த ஊரைத்தான் சொல்லும். ஆனா அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்ங்கிறதுக்கு ஒரு எல்லை போடும். திருச்சிக் கடைக்காரர் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்திருப்பார். மதுரையில எத்தனையோ ஸ்டூடியோ இருக்கும்போது 130 கிலோமீட்டர் போயிருக்க வாய்ப்பு குறைவு. இந்த முத்திரைல இன்னொரு விஷயமும் பார்க்கலாம். 620ல ஆரம்பிக்கிற ஆறு இலக்க பின்கோடு இருந்தா அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்கு அப்புறம் செஞ்சது, ஏன்னா பின்கோடே அப்பதான் வந்தது. பின்கோடு இல்லைன்னா அதுல இருந்து எதுவும் சொல்ல முடியாது. பழைய ஸ்டாம்பையே வருஷக்கணக்கா குத்திக்கிட்டு இருந்திருப்பாங்க.

ஸ்கேலும் நிழலும்

இப்போ மாமாவோட மலைக்கோட்டை. இங்க கொஞ்சம் கணக்கு வருது, பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

போட்டோல ஒரு பொருள் எவ்வளவு பெருசாத் தெரியும்ங்கிறது அதோட உயரத்தை தூரத்தால வகுத்தா வர்றது. என்ன லென்ஸ்னு தெரியலையேன்னு கவலை வேண்டாம். அதே படத்துல உயரம் தெரிஞ்ச ஒரு மனுஷன் நின்னா, அவரையே ஸ்கேலா வச்சுக்கலாம். எங்க படத்துல ஓரத்துல ஒருத்தர் தலையில இருந்து கால் வரைக்கும் முழுசாத் தெரியறார். ஆளை 1.6 மீட்டர்னு வச்சுக்குவோம். கேமராவுல இருந்து சுமார் 5 மீட்டர் தள்ளி நிக்கிறார். பிரிண்ட்ல அவர் 6 சென்டிமீட்டர். பின்னாடி இருக்கிற அந்தக் கறுப்பு உருவம், நிக்கிறவங்களோட கண் மட்டத்துக்கு மேல 2 சென்டிமீட்டர். கண் மட்டத்துல இருந்து அளக்கிறது ஏன்னா, கேமராவும் ஏறக்குறைய அந்த உயரத்துலதான் இருந்திருக்கும், தொடுவானமும் அந்தக் கோட்டுலதான் வரும்.

மலைக்கோட்டை 83 மீட்டர். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கத்துல இருந்து அது மூணு, மூணரை கிலோமீட்டர். அங்க நின்னு எடுத்தா மலை பிரிண்ட்ல நாலரை மில்லிமீட்டர்தான் வரும். நம்ம படத்துல 20 மில்லிமீட்டர். அதனால "ஸ்ரீரங்கத்துல எடுத்த படம், பின்னாடி தூரத்துல மலைக்கோட்டை" அப்படிங்கிற சமரசக் கட்சி அவுட்.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு, அது மலைக்கோட்டைன்னா வீடு மலையில இருந்து சுமார் 780 மீட்டர்ல இருக்கணும். ரெண்டு, அது 17 மீட்டர் உயர மொட்டை கோபுரம்னா வீடு அதுல இருந்து சுமார் 160 மீட்டர்ல இருக்கணும். அந்த 5 மீட்டர்ங்கிறது என் ஊகம்தான், அது 4ல இருந்து 7 வரைக்கும் இருக்கலாம். அப்படிப் பார்த்தா மலைக்கு 600ல இருந்து 1100 மீட்டர், கோபுரத்துக்கு 130ல இருந்து 220 மீட்டர். ரெண்டுமே நடக்கக்கூடியதுதான். அளவை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அடுத்தது திசை. அதுக்கு முன்னாடி படம் இடம் வலமா மாறாம இருக்கான்னு பார்க்கணும். நெகட்டிவைத் திருப்பி வச்சு பிரிண்ட் போட்டா முழுப் படமும் கண்ணாடியில தெரியிற மாதிரி மாறிடும், அப்புறம் திசை எல்லாம் தலைகீழ். இதைக் கண்டுபிடிக்க மாப்பிள்ளையோட பூணூல் போதும். இடது தோள்ல இருந்து வலது இடுப்புக்கு வரணும். கல்யாணத்துல அது வேற மாதிரி இருக்காது. புடவைத் தலைப்பை நம்பாதீங்க, மடிசார்ல எந்தத் தோள்ங்கிறது ஐயருக்கும் ஐயங்காருக்கும் மாறும். எங்க படத்துல பூணூல் சரியா இருக்கு.

இப்போ நிழல். தரையில ஆளுங்க நிழல் படத்தோட வலது பக்கமா நீளமா விழுது. முகூர்த்தம் முடிஞ்சு காலையில எடுத்த படம்னா சூரியன் கிழக்க இருக்கும், நிழல் மேற்க போகும். படத்துல வலது பக்கம் மேற்குன்னா கேமரா பார்க்கிறது தெற்கு. அப்போ அந்தக் கறுப்பு உருவம் வீட்டுக்குத் தெற்கே இருக்கு. திருச்சியில ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில்ல சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே போயிடும். அதனால நிழல் குட்டையா இருந்தா இந்த முறை செல்லாது. நீளமா இருந்தா மேற்குல இருந்து கொஞ்சம் இப்படி அப்படி விலகியிருக்கும், ஆனா வடக்கு தெற்குன்னு குழம்பாது.

கடுப்பு என்னன்னா, இதுக்கு அப்புறமும் ரெண்டு ஊரும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. மலைக்கோட்டைக்கு வடக்கே ஒரு கிலோமீட்டருக்குள்ள, காவிரிக் கரை வரைக்கும், வீடுகள் உண்டு. மொட்டை கோபுரத்துக்கு வடக்கே 160 மீட்டர்னா அது மதிலுக்கு உள்பக்கம், அடையவளஞ்சான் தெரு வட்டாரம். உருவத்தோட உச்சி தட்டையா, ஓரம் நேரா இருக்கிற மாதிரி எனக்குத் தெரியுது. ஆனா பாதியை தென்னை மட்டை மறைக்குது. ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதுக்கு மேல படம் பேசாது. பாட்டிதான் பேசணும்.

கேட்கிற விதம்

"பாட்டி, இது ஸ்ரீரங்கம்தானே?" அப்படின்னு கேட்டா பாட்டி ஆமாம்பாங்க. மாமா "இது திருச்சிதானேம்மா" அப்படின்னு கேட்டாலும் ஆமாம்பாங்க. பேரனும் பிள்ளையும் ஆசையாக் கேட்கும்போது இல்லைன்னு சொல்ல மனசு வராது. அதை விட மோசமான ஒண்ணு இருக்கு. நாம சொன்னது அவங்க ஞாபகத்துக்குள்ளயே போய் உட்கார்ந்துடும். 1974ல எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரு சோதனை பண்ணினாங்க. எல்லாருக்கும் ஒரே கார் விபத்துப் படங்கள். கேள்வியில மட்டும் ஒரு வினைச்சொல்லை மாத்தினாங்க, மோதினதுன்னு ஒரு குழுவுக்கு, நொறுங்க இடிச்சதுன்னு இன்னொரு குழுவுக்கு. ரெண்டாவது குழு காரோட வேகத்தை அதிகமாச் சொன்னாங்க. ஒரு வார்த்தைக்கே இப்படின்னா, ஊர்ப் பேரையே நாம எடுத்துக் கொடுத்தா என்ன ஆகும்?

அதனால கடிதத்துல நாலு விதி வச்சுக்கிட்டேன். எந்த ஊர்ப் பேரும் வரக்கூடாது. ஆமா, இல்லைன்னு முடியிற கேள்வி கூடாது. முதல் கவர்ல ஆளுங்க மட்டும் தெரியிற மாதிரி பின்னணியை வெட்டின பிரிண்ட், ரெண்டாவது கவர்ல முழுப் படம், ரெண்டுமே ஏ4 அளவு. முதல் கவருக்குப் பதில் சொல்லி முடிச்சப்புறம்தான் ரெண்டாவதைப் பிரிக்கணும். கடைசியா, மாமா பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கலாம், போன்ல ரெக்கார்ட் பண்ணலாம், ஆனா மலைக்கோட்டைன்னு வாயைத் திறக்கக் கூடாது. மாமாவுக்கு இதுதான் கஷ்டமா இருந்தது.

இனி கடிதம்.

கடிதம்

பாட்டிக்கு அநேக நமஸ்காரம்.

நான் இங்க சௌக்கியம். குளிர் ஆரம்பிச்சாச்சு. நீ அனுப்பின நாரத்தங்காயை தினம் ஒரு துண்டு வச்சு தயிர் சாதம் சாப்பிடறேன், இன்னும் பாதி பாட்டில் இருக்கு. உன் முழங்கால் வலி இப்ப எப்படி இருக்குன்னு மாமாகிட்ட சொல்லு, எனக்கு எழுதச் சொல்லு.

பாட்டி, இந்தக் கவர்ல ஒரு போட்டோ வச்சிருக்கேன். பெரிய பாட்டி கல்யாணத்துல எடுத்தது. பெருசாப் போட்டிருக்கேன், கண்ணாடி போட்டுண்டா பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். நிறையப் பேருக்கு மேல சின்ன நம்பர் போட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்சது நீயும் பெரிய பாட்டியும் மட்டும்தான்.

சில கேள்வி கேட்கறேன். ஒரே நாள்ல சொல்லணும்னு இல்லை. ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு, அதுவும் எனக்கு பதில்தான். தோராயமா ஏதாவது சொல்லணும்னு சிரமப்படாதே.

முதல் கேள்வி. நம்பர் போட்டவா எல்லாம் யார் யார்? பேர் தெரியலைன்னா என்ன உறவு, எங்கேர்ந்து வந்தான்னு சொன்னாப் போதும். தூரத்துலேர்ந்து வந்தவா எப்படி வந்து சேர்ந்தா? ரயிலா, வண்டியா, யார் போய் அழைச்சுண்டு வந்தா?

ரெண்டாவது. அந்த ஆத்துல இருந்தப்ப காலம்பற எழுந்து குளிக்க எங்க போவேள்? வாசல்ல இறங்கினதுலேர்ந்து தண்ணியில கால் வைக்கற வரைக்கும் வழியில என்னென்ன வரும்? எந்தப் பக்கம் திரும்பணும்? உனக்கு ஞாபகம் இருக்கற வரிசையிலயே சொல்லு.

மூணாவது. கடைத்தெருவுக்குப் போகணும்னா, பட்டுப் பொடவை வாங்கறதுன்னா, எங்க போவேள்? போக எத்தனை நேரம் ஆகும்?

இந்த மூணுக்கும் பதில் சொன்னப்புறம் மாமா இன்னொரு கவர் தருவான். அதுல முழுப் படம் இருக்கு. அதைப் பார்த்துட்டு, படத்துல ஆளுங்களைத் தவிர வேற என்னவெல்லாம் உனக்குத் தெரியறதோ அதையெல்லாம் சொல்லு. திண்ணை, மரம், பந்தல், கூரைக்கு மேல தெரியறது எல்லாம்.

கடைசியா ஒண்ணு. இதுக்கு நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. எல்லாரும் கேமராவைப் பார்க்கறா. நீ மட்டும் தலையைத் திருப்பி மேல பார்த்துண்டிருக்கே. என்ன பார்த்தேன்னு ஞாபகம் இருந்தா, சொல்லணும்னு தோணினா, சொல்லு.

மார்கழிக்கு வரேன். இந்த வீடு இருந்த தெரு எதுன்னு தெரிஞ்சா, உனக்கு முடிஞ்சா, ஒரு தடவை உன்னைக் கூட்டிண்டு போகணும்னு ஆசை. வேண்டாம்னா நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.

உன் பேரன்.

பதில்

கடிதம் போய்ச் சேர பன்னெண்டு நாள். மாமா அனுப்பின ரெக்கார்டிங் 23 நிமிஷம். பேர்களைத் தவிர்த்துட்டு முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

முதல் கேள்விக்கே ஏழு பேரைச் சொன்னாங்க. பின்வரிசையில மூணாவதா நிக்கிறவர் மதுரையில இருந்து ரயில்ல வந்ததாவும், ஜங்ஷன்ல இறங்கி ஜட்கா பிடிச்சு வந்தவர் ஆத்துப் பாலத்தைத் தாண்டறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடுமோன்னு பயந்ததாவும் சொன்னாங்க. ஆத்துப் பாலம்னு அவங்களாவே சொன்னது இங்கதான் முதல் தடவை. திருச்சி ஜங்ஷன்ல இறங்கினவருக்கு மலைக்கோட்டைப் பக்கத்து வீட்டுக்குப் போகக் காவிரியைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

ரெண்டாவது கேள்விக்கு பாட்டி யோசிக்கவே இல்லை. "அம்மா மண்டபம்தான். வாசல்ல இறங்கி, தெரு முனையில திரும்பி, மொட்டை கோபுரத்துக்குள்ள பூந்து வெளில வந்தா நேரா போயிண்டே இருக்கறது, படித்துறைதான்" அப்படின்னாங்க. இதுல திசையும் சரியா இருக்கு. அடையவளஞ்சான் பக்கம் இருந்து கிளம்பினா தெற்கு வாசல் வழியாத்தான் அம்மா மண்டபம் ரோட்டுக்கு வர முடியும். தெரு பேரைக் கேட்காமலே சொன்னாங்க, அடையவளஞ்சான்தான்.

மூணாவது பதில்ல மாமாவுக்குக் கொஞ்சம் கிடைச்சது. "பொடவை வாங்க திருச்சிக்குப் போவோம்." மாமாவால பொறுக்க முடியலை, "அப்ப இது திருச்சி இல்லையா?" அப்படின்னு கேட்டுட்டார். பாட்டி, "திருச்சி ஆத்துக்கு அந்தண்டை. நாங்க ஏன் திருச்சியில இருக்கோம்?" அப்படின்னாங்க. நாம இன்னைக்கு ஸ்ரீரங்கத்தையும் சேர்த்து மொத்தமா திருச்சிங்கறோம். அந்தத் தெருவுல வளர்ந்த ஒருத்தருக்கு அது ரெண்டு வேற ஊர்.

ரெண்டாவது கவரைப் பிரிச்சதும் கூரைக்கு மேல இருந்த கறுப்பைக் காட்டி, "இதோ மொட்டை கோபுரம். மேல எல்லாம் செடியா முளைச்சிருக்கும். நீங்கள்லாம் பார்த்திருக்க மாட்டேள்" அப்படின்னாங்க.

ஒரு இடத்துல பாட்டி சொன்னது படத்தோட ஒத்துப் போகலை. கல்யாணம் சாயங்காலம் நடந்ததுன்னு சொன்னாங்க. சாயங்கால வெயில்னா நிழல் கிழக்க விழும், அப்போ கேமரா வடக்கு பார்த்திருக்கணும், தெற்கு வாசல் கோபுரம் பின்னாடி வராது. மாமாகிட்ட அதை வாதாட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஊர்வலம் சாயங்காலமா இருந்திருக்கலாம், ரெண்டும் கலந்திருக்கலாம். குளிக்கப் போற வழி தினம் நடந்த வழி, அது கால்ல இருக்கும். ஒரு நாளோட நேரம் அப்படி இருக்காது. ஒரே ஆள் சொன்னாலும் எல்லா ஞாபகத்துக்கும் ஒரே எடை போட முடியாது.

கடைசிக் கேள்விக்கு ரெக்கார்டிங்ல ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மாமா நிறுத்திடலாமான்னு கேட்கறது கேட்குது. அப்புறம் பாட்டி, "அக்காவைத்தான் பார்த்துண்டிருந்தேன். அன்னிக்கே கூட்டிண்டு போயிடுவான்னு யாரோ சொன்னா" அப்படின்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் கேட்கலை.

மாமா இப்போ படத்தோட பின்பக்கம், முத்திரை மேல படாம, 2பி பென்சில்ல எழுதியிருக்கார். பால்பாயிண்ட் வேண்டாம்னு சொல்லியிருந்தேன், அது முன்பக்கம் வரைக்கும் தழும்பு விழ வைக்கும், மை ஊறும். எழுதினது இவ்வளவுதான்: ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் தெரு, பாட்டி சொன்னது. சுமார் 1954, பாட்டி வயசை வச்சுக் கணக்கிட்டது. பின்னால் தெரிவது தெற்கு வாசல் மொட்டை கோபுரம், பாட்டி சொன்னதும் அளவும் ஒத்துப்போகிறது. நேரம்: நிழலை வைத்து காலை, பாட்டி சொன்னது மாலை. கீழ ஏழு பேரோட பேரும், சொன்ன தேதியும்.

எது யார் சொன்னது, எது நாம கணக்குப் போட்டதுன்னு தனித்தனியா எழுதினதுக்குக் காரணம் இருக்கு. நாளைக்கு வேற யாராவது இன்னொரு படத்தைக் கொண்டு வந்து நம்ம கணக்கு தப்புன்னு காட்டினா, கணக்கை அடிச்சுட்டு மாத்தி எழுதலாம். பாட்டி சொன்னது அப்படியே இருக்கும்.

மார்கழிக்கு டிக்கெட் போட்டாச்சு. பாட்டி வர்றாங்களான்னு இன்னும் முடிவு சொல்லலை. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.